டொராண்டோ – மெல்போர்ன்: "ம், நீ?" என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை, என்ன செய்வது?

மழைக்குருவி

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நான் டொராண்டோவில் இருக்கிறேன், அவர் மெல்போர்னில். ஜூலை கடைசியில் ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கம். ஒரு வாரம் ஒரே குழுவில் இருந்தோம், அவரவர் இடத்துக்குத் திரும்பிய பிறகும் பேச்சு விடவில்லை, ஆகஸ்டில் இரண்டு பேருமே இது வெறும் நட்பு இல்லை என்று சொல்லிக்கொண்டோம்.

ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் பேசித் தீரவில்லை. காலை ஏழு மணிக்கு, நான் வேலைக்குக் கிளம்பும் முன், தினமும் கால் வரும். ஃபோனை வைக்க மனசே வராது, தலைகூடச் சீவாமல் ஓடியிருக்கிறேன். அக்டோபரில் அது கொஞ்சம் சுருங்கியது. இப்போது நவம்பர் நடுவில் சுத்தமாக வற்றிவிட்டது. அதே ஏழு மணி, அதே கால், ஆனால் ஐந்து நிமிடத்துக்குள் "சரி, அப்புறம் பேசலாமா" என்று வந்து நிற்கிறது. பிறகு நாள் முழுக்க மெசேஜ் இப்படித்தான் ஓடுகிறது:

அவர்: எழுந்தாச்சா?
நான்: ம். நீ?
அவர்: படுக்கப் போறேன். இன்னிக்கு எப்படிப் போச்சு?
நான்: ஓகேதான். வேலை. உனக்கு?
அவர்: அதே.

சண்டை எதுவும் இல்லை. வேறு யாராவது வந்துவிட்டார்களா என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இருந்த விஷயமெல்லாம் பேசித் தீர்ந்துவிட்டதா, அல்லது அவருக்கு ஆர்வம் குறைந்துவிட்டதா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது, தினமும் எதைத்தான் பேசுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்பேச்சு

கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மனசு இருந்தால் நேரம் தானாகக் கிடைக்கும். ஆகஸ்டில் ஒரு மணி நேரம் பேசியவருக்கு நவம்பரில் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் அதற்கு வேறு அர்த்தம் தேட வேண்டாம். நேரடியாகக் கேளுங்கள், "உனக்கு விருப்பம் இருக்கா இல்லையா" என்று. இழுத்துக்கொண்டே போனால் உங்களுக்குத்தான் வலி.

கடல்வீட்டுக்காரி

என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தவர்ம்மா, அதனால் உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது. கல்யாணமான புதிதில் பிரிந்திருப்பது கொடுமைதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், வீட்டுச் செலவு, பணம் அனுப்புவது, மாமியார் விஷயம் எல்லாவற்றையும் ஃபோனில் பேசிப் பேசித்தான் பேச்சே கசந்துபோகும். அதற்கு ஒரு நாள் தனியாக ஒதுக்கிவிடு, மற்ற நாளில் அந்தப் பேச்சை எடுக்காதே.

மழைக்குருவி

அக்கா, எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை :) பழக ஆரம்பித்தே மூன்று மாதம்தான். மாமியார் என்ற கட்டத்துக்கு இன்னும் வரவேயில்லை.

கடல்வீட்டுக்காரி

அடடா. கண்ணாடி போடாமல் படித்தேன் போல. சரி, நீ மேலே சொல்லு.

கணக்குப்பிள்ளை

நேர்பேச்சு சொன்னதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மனசைப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மூன்று நாடுகளில் உள்ள ஒரு குழுவுக்கு ஷிஃப்ட் அட்டவணை போடுவது என் வேலை, அதனால் உங்கள் பதிவைப் படித்ததும் "அக்டோபரில் சுருங்கியது, நவம்பரில் வற்றியது" என்ற இடத்தில்தான் கண் நின்றது.

ஆகஸ்டில் டொராண்டோவுக்கும் மெல்போர்னுக்கும் 14 மணி நேர வித்தியாசம். உங்கள் காலை 7 அவருக்கு அதே நாள் இரவு 9. வேலை முடிந்து, சாப்பிட்டு, கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரம். அக்டோபர் முதல் ஞாயிறு மெல்போர்னில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். வித்தியாசம் 15 ஆனது, உங்கள் 7 அவருக்கு இரவு 10. நவம்பர் முதல் ஞாயிறு நீங்கள் கடிகாரத்தைப் பின்னே தள்ளினீர்கள். இப்போது 16. உங்கள் காலை 7 அவருக்கு இரவு 11.

ஒரே நாடு மாற்றியிருந்தால் ஒரு மணி நேரம்தான் நகர்ந்திருக்கும். நீங்கள் இருவரும் பூமியின் எதிரெதிர்ப் பாதிகளில் இருக்கிறீர்கள், அவருக்குக் கோடை வரும்போது உங்களுக்குக் குளிர்காலம், அதனால் கடிகாரமும் எதிரெதிர்த் திசையில் நகர்கிறது, ஒரே மாதத்தில் இரண்டு மணி நேரம் போய்விட்டது. கூப்பிடும் நேரம் மாறாததால் உங்களுக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அவருக்கோ ஒன்பது மணிப் பேச்சு பதினொரு மணிப் பேச்சாகிவிட்டது. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?

மழைக்குருவி

ஐந்தே முக்கால். ஏழுக்கெல்லாம் வேலையிடத்தில் இருக்க வேண்டும்.

மணி மாறியது எனக்குத் தெரியும் அண்ணா, ஃபோனில் அவருடைய நேரத்தையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஆனாலும் இப்படிச் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

கணக்குப்பிள்ளை

பழக ஆரம்பித்த புதிதில் "எனக்குத் தூக்கம் வருது, நேரத்தை மாத்தலாமா" என்று எத்தனை பேர் சொல்வார்கள்? அப்படிச் சொன்னால் விருப்பமில்லை என்று நினைத்துவிடுவீர்களோ என்ற பயம் இருக்கும். ஐந்தே முக்காலுக்கு எழுகிறவர் பதினொன்றுக்கு ஃபோனை எடுக்கிறார் என்பதையே நான் ஆர்வத்தின் பக்கம்தான் எழுதுவேன்.

களைப்பா, விலகலா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அவருக்கு ஓய்வான நேரத்தில் வரும் மெசேஜை மட்டும் தனியாகப் பாருங்கள். அவருடைய சனிக்கிழமைக் காலை 10 மணி உங்களுக்கு வெள்ளி மாலை 6. அந்த நேரத்திலும் ஒற்றை வார்த்தைதான் வருகிறதா? களைப்பு என்றால் நல்ல நேரத்தில் பேச்சு பழையபடி வரும். விலகல் என்றால் நல்ல நேரத்திலும் வராது, நீங்கள் கேட்காமல் அவராக எதையும் சொல்ல மாட்டார், போன வாரம் நீங்கள் சொன்னது அவர் நினைவில் இருக்காது. நடுராத்திரி மெசேஜை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

முன்ஜாக்கிரதை

வீடியோ காலில் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பணம் ஏதாவது கேட்டாரா? இப்போதெல்லாம் நாடு தாண்டிய காதல் என்றாலே முதலில் இதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மழைக்குருவி

ஒரு வாரம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். அந்தப் பிரச்சினை இல்லை, கேட்டதற்கு நன்றி.

கணக்குப்பிள்ளை அண்ணா, நேரம் புரிந்துவிட்டது. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை என்று தோன்றுகிறது. நல்ல நேரம் கிடைத்தாலும் "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு இரண்டு பேரும் சும்மா இருக்கிறோம்.

நேர்பேச்சு

அதற்குத்தான் அந்த 36 கேள்விகள் இருக்கின்றன. இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பதில் சொன்னால் காதலே வந்துவிடும் என்று ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள். தினமும் ஒரு கேள்வியை மெசேஜில் அனுப்புங்கள், 36 நாளுக்குப் பேச்சுக்குக் குறைவிருக்காது. அதோடு தினமும் கால் பேசுவதை நிறுத்தாதீர்கள், ஒரு நாள் விட்டால் விட்டதுதான், தூரத்துக் காதல் அப்படித்தான் செத்துப்போகும்.

கணக்குப்பிள்ளை

பாதி சரி. அந்தக் கேள்விகள் உண்மையான ஆய்வில் வந்தவைதான், ஆர்தர் ஏரன் குழுவினர் 1997-இல் வெளியிட்டது. ஆனால் அவர்கள் தேடியது காதலை இல்லை. முன்பின் தெரியாத இருவரை எதிரெதிரே உட்கார வைத்து, சுமார் 45 நிமிடத்தில் நெருக்கம் உண்டாக்க முடியுமா என்று பார்த்தார்கள். கேள்விகள் மூன்று அடுக்காக ஆழமாகிக்கொண்டே போகும், ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவரும் தன்னுடையதைச் சொல்ல வேண்டும். அதில் வேலை செய்வது அந்த மாறி மாறித் திறப்பதுதான். நாளுக்கு ஒன்று என்று உடைத்து மெசேஜில் அனுப்பினால் அந்த ஏற்றமே போய்விடும், நேர்காணலுக்கு வந்த மாதிரி இருக்கும். வாரக் கடைசியில் நீளமான கால் ஒன்று அமைந்தால் அதில் நாலைந்தை எடுத்துப் பாருங்கள், நன்றாகவே போகும்.

தினமும் பேசாவிட்டால் செத்துவிடும் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2013-இல் ஜியாங், ஹான்காக் என்ற இருவர் தூரத்துக் காதலர்களையும் ஒரே ஊரில் இருப்பவர்களையும் ஒரு வாரம் தங்கள் பேச்சைக் குறித்துவைக்கச் சொன்னார்கள். தூரத்தில் இருப்பவர்கள் நாளுக்குப் பேசிக்கொண்ட தடவைகள் குறைவு. ஆனால் பேசும்போது தங்களைப் பற்றி அதிகம் திறந்து சொன்னார்கள், நெருக்கத்தையும் அதிகமாக உணர்ந்தார்கள். மற்றவரை உள்ளதைவிடக் கொஞ்சம் உயர்த்தியே நினைத்துக்கொண்டார்கள் என்பதும் அதில் வந்தது, அதை இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது மழைக்குருவி போட்ட அந்த உரையாடல். அதில் ஐந்து வரி இருக்கிறது, ஒரு செய்திகூட இல்லை. ஒரே ஊரில் இருந்தால் "எப்படிப் போச்சு" "ஓகேதான்" "ஏன், என்னாச்சு" என்று பத்து விநாடியில் மூன்றாவது கேள்விக்குப் போய்விடுவோம், உண்மையான பேச்சு அங்கேதான் தொடங்கும். உங்களுக்கு ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒருவர் தூங்கி எழுந்துவிடுகிறார். ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுதான் கிடைக்கிறது, அந்த இரண்டையும் "ம், நீ?" என்பதிலேயே செலவழித்துவிடுகிறீர்கள். மூன்றாவது கேள்வி வரவே வராது.

ஆகவே மெசேஜை அரட்டை மாதிரி எழுதாமல், அவர் ஆறு மணி நேரம் கழித்துத்தான் படிப்பார் என்று தெரிந்தே எழுத வேண்டும். ஒரு சின்னச் சம்பவம், அதைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றியது, கடைசியில் களைப்பிலும் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி. நாலு வரி போதும். சமீபத்தில் அவர் தானாகச் சொன்ன விஷயம் ஏதாவது நினைவிருக்கிறதா? ஒன்று சொல்லுங்கள், அதை வைத்தே எழுதிக் காட்டுகிறேன்.

மழைக்குருவி

ம்ம்... போன மாதம் நீச்சல் கற்றுக்கொள்ளச் சேர்ந்ததாகச் சொன்னார். பெரியவர்களுக்கான வகுப்பு. "எல்லாரும் ஆழமான பக்கம் போறாங்க, நான் மட்டும் கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கறேன்" என்று போட்டிருந்தார். நான் "ஹாஹா சூப்பர்" என்று போட்டேன்.

கணக்குப்பிள்ளை

நாற்பதைத் தொடப்போகும் ஆளோ இருபத்தைந்தோ தெரியாது, வளர்ந்த மனிதர் ஒருவர் "எனக்குப் பயமா இருக்கு, எல்லார் முன்னாடியும் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னேன்" என்று சொல்லியிருக்கிறார். சிரிப்பாகச் சொன்னாலும் கதவைத் திறந்துதான் சொல்லியிருக்கிறார். அதை இப்போதும் எடுக்கலாம், காலாவதி ஆகவில்லை. இப்படி எழுதுவேன்:

"நீ அந்தக் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னதா சொன்னியே, அது இன்னிக்குத் திடீர்னு ஞாபகம் வந்தது. எனக்குக் கால் தரையில படலைன்னா மூச்சே வராது, சின்ன வயசுல ஒரு தடவை உள்ள போயிட்டேன், அதை யார்கிட்டயும் சொன்னதில்லை. இப்ப கம்பியை விட்டாச்சா, இல்ல இன்னும் நட்பா இருக்கீங்களா?"

நடுவில் உங்களுடைய சொந்தக் கதை எதுவோ அதைப் போடுங்கள், நான் எழுதியதை அப்படியே எடுக்காதீர்கள். கவனியுங்கள், அதில் அவர் சொன்னது நினைவிருக்கிறது என்பது தெரிகிறது, உங்களைப் பற்றி ஒன்று புதிதாகத் தெரிகிறது, கேள்விக்கு "விட்டாச்சு" என்றோ "இல்லை" என்றோ படுக்கையில் இருந்தே பதில் போட முடியும். விரும்பினால் பத்து வரியும் எழுதலாம்.

அவன்பக்கம்

நான் மெல்போர்ன்காரர் நிலையில் இருப்பவன், வேறு நாடு. அந்தப் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்ல வேண்டும். நாலு வரி சரி. தயவுசெய்து வாய்ஸ் நோட் பக்கம் போய்விடாதீர்கள். எழுந்ததும் ஃபோனைப் பார்த்தால் ஏழு நிமிடம், நாலு நிமிடம், ஒன்பது நிமிடம் என்று வரிசையாக நிற்கும். கேட்க ஆசைதான், ஆனால் காதில் மாட்டிக்கொண்டு குளிக்க முடியாது, வேலையிடத்தில் போட முடியாது, இரவில் கேட்கும்போது ஆறாவது நிமிடத்தில் என்ன கேட்டாள் என்பது மறந்திருக்கும். நான் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ சொல்வேன், "நான் சொன்னதைக் கேக்கவே இல்லையா" என்று வரும். அதுவே ஒரு வேலைப்பளுவாகிவிட்டது.

நேர்பேச்சு

ஒன்பது நிமிடம் கேட்க முடியாதவருக்கு எதற்கு காதல்?

அவன்பக்கம்

நீங்கள் காலை ஐந்தரைக்கு எழுந்துவிட்டு இதைச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை

வாய்ஸ் நோட்டை முழுக்க விட வேண்டாம் என்பேன். எழுத்தில் "ஓகே" என்பது கோபமா களைப்பா என்று தெரியாது, குரலில் அரை விநாடியில் தெரிந்துவிடும். ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்குள், ஒரு நோட்டில் ஒரு விஷயம் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை வராது. பதில் வேண்டிய கேள்வி இருந்தால் அதை மட்டும் கீழே எழுத்தில் போட்டுவிடுங்கள். அப்போது அவர் தேட வேண்டியதில்லை.

கடல்வீட்டுக்காரி

இப்போது சரியாகத்தான் படித்தேன், பயப்படாதே. எங்கள் காலத்துக் கடிதத்தில் இதே பிரச்சினை இருந்ததும்மா. கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அவருக்குக் கடிதம் போய்ச் சேரும், நாலைந்து மொத்தமாகப் போகும், முன்னால் எழுதியது பின்னால் கிடைக்கும். நான் ஒன்றில் கோபமாக எழுதி அடுத்ததில் சமாதானம் சொல்லியிருப்பேன், அவர் சமாதானத்தை முதலில் படித்துவிட்டு "எதுக்கு மன்னிப்புக் கேக்கற" என்று குழம்புவார். அதனால் உறை மேல் எண் போட ஆரம்பித்தோம். 14, 15 என்று. பதில் எழுதும்போது "உன் 14-க்கு" என்று தொடங்கி அதில் கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். எதுவும் விட்டுப்போகாது.

உங்களுக்கு அந்த எண்ணெல்லாம் வேண்டாம். ஆனால் காலையில் எழுந்ததும் கடைசி மெசேஜுக்கு மட்டும் பதில் போட்டுவிட்டு மேலே இருக்கிற மூன்றையும் விட்டுவிடுகிறீர்கள், என் பெண்ணும் அப்படித்தான். அந்த மூன்றில்தான் விஷயம் இருக்கும்.

அவன்பக்கம்

அக்கா சொன்னது நியாயம். குறிப்பிட்ட மெசேஜை இழுத்து அதற்கே பதில் போடும் வசதி எல்லாச் செயலியிலும் இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை.

மழைக்குருவி

மேலே போய்ப் பார்த்தேன். நீச்சல் மட்டும் இல்லை, அவர் அக்கா வீடு மாறுவது, மேலதிகாரியோடு ஒரு தகராறு, எல்லாம் நான் "அச்சோ" போட்டுக் கடந்திருக்கிறேன். என்னுடையதை அவரும் அப்படித்தான் கடந்திருக்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன், நான் மட்டும் குற்றவாளி இல்லை.

நேரத்துக்கு என்ன செய்வது அண்ணா? காலை 7 போய்விட்டது. மாலையில் நான் வரும்போது அவர் வேலையில் இருக்கிறார்.

கணக்குப்பிள்ளை

உங்கள் வாரத்தைப் போட்டுப் பார்த்தேன். இந்த 16 மணி நேரக் காலத்தில் வாரநாளில் நல்ல நேரமே கிடையாது, அதை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் காலை 5:30 அவருக்கு இரவு 9:30. வாரம் ஒரு நாள் நீங்கள் எழுந்திருக்கலாம், தினமும் என்றால் பத்தாவது நாள் உங்களுக்கே எரிச்சல் வரும்.

மிச்சம் இருப்பது உங்கள் வெள்ளி மாலையும் சனி மாலையும். மாலை 5 முதல் 8 என்றால் அவருக்கு மறுநாள் காலை 9 முதல் 12. இருவருக்கும் விடுமுறை மனநிலை, யாரும் தூங்கி வழிய மாட்டீர்கள். இந்த இரண்டில் ஒன்றை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றது இருந்தால் இருக்கட்டும். ஞாயிறு மாலை மட்டும் வேண்டாம். உங்களுக்கு வாரம் முடிகிற சோகத்தில் பேசத் தோன்றும், உங்கள் ஞாயிறு இரவு 8 அவருக்குத் திங்கள் மதியம் 12, வேலையின் நடுவில் இருப்பார். அந்த நேரத்தில் உருக்கமாக ஒன்று எழுதி அதற்கு "ம்" என்று பதில் வந்தால் திங்கள் முழுக்க நாசம்.

இது நிரந்தரமும் இல்லை. மார்ச் இரண்டாவது ஞாயிறு உங்கள் கடிகாரம் மாறும், 15 ஆகும். ஏப்ரல் முதல் ஞாயிறு அவருடையது மாறும், மறுபடி 14. காலை 7 மணி கால் திரும்ப வந்துவிடும். அதுவரை நாலு மாதம் எழுத்தும் வாரக் கடைசியும்தான்.

நேர்பேச்சு

அட்டவணை போட்டுப் பேசினால் அதில் காதல் எங்கே இருக்கிறது? அலுவலகக் கூட்டம் மாதிரி. தோன்றும்போது கூப்பிட வேண்டும், அதுதான் அழகு.

கணக்குப்பிள்ளை

ஒரே ஊர் என்றால் சரி. 16 மணி நேரத்தில் தோன்றும்போது கூப்பிட்டால் பாதி நாள் தூக்கத்தைக் கெடுப்பீர்கள், மீதி நாள் எடுக்கவில்லையே என்று குமைவீர்கள். நேரம் நிலையாக இருந்தால்தான் மற்ற நேரத்தில் பதில் வராததற்கு அர்த்தம் தேடாமல் இருக்க முடியும். அதற்காக நீங்கள் சொல்வதைத் தள்ளிவிடவும் இல்லை. அட்டவணைக்கு வெளியே திடீரென்று ஒரு படம், ஒரு வரி வருவதில்தான் சுகம். அதற்குப் பதில் எதிர்பார்க்காமல் அனுப்ப வேண்டும்.

மழைக்குருவி

இரண்டு வாரமாக இங்கே எதுவும் எழுதவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

நீச்சல் மெசேஜை என் பாணியில் எழுதி அனுப்பினேன். அவருக்கு இரவு 11 இல்லாமல் மாலையில் கிடைக்கும்படி, எனக்கு விடிகாலையில். இரண்டு மணி நேரத்தில் பதில். நீளமாக. கம்பியை விட்டாராம், ஆனால் பாதியில் நின்று கத்தியதில் பயிற்சியாளர் உடையோடு குதித்தாராம், அதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று வாரமாக அடைகாத்திருக்கிறார். நான் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளி மாலை கால் பேசினோம். இரவு 11 மணி விஷயத்தை நானே எடுத்தேன். "நீயா சொல்லுவேன்னுதான் காத்திருந்தேன், எனக்கு அந்த அஞ்சு நிமிஷமாவது வேணும்னு தோணுச்சு" என்றார். அவர் பக்கம் வேறு கதை. நான் மாலையில் வீட்டுக்கு வந்து அனுப்புவதெல்லாம் அவர் வேலை நேரத்தில் போய் விழுகிறதாம், "நான் ஃப்ரீயா இருக்கறப்போ ஒண்ணுமே வராது, வேலைல இருக்கறப்போ பத்து வரும், உனக்குத்தான் ஆர்வம் குறைஞ்சுடுச்சுன்னு நினைச்சேன்" என்றார். இரண்டு பேரும் ஒரே சந்தேகத்தில் இருந்திருக்கிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வெள்ளி அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது, கால் இல்லை. அன்றைக்கு எனக்குப் பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. வாய்ஸ் நோட் அவருக்கும் பிடிக்கவில்லை, எனக்கோ அவர் குரல் கேட்காமல் வாரம் நகரவில்லை. இதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அவன்பக்கம்

நீங்கள் எழுத்தில் அனுப்புங்கள், அவரை உங்களுக்காக ஒரு நிமிடம் பேசி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

நேர்பேச்சு

அவருக்கு ஆர்வம் இருந்ததில் மகிழ்ச்சி. ஆனால் கேட்ட பிறகுதானே தெரிந்தது? நேரடியாகக் கேளுங்கள் என்று முதலிலேயே சொன்னவன் நான்தான்.

கணக்குப்பிள்ளை

"விருப்பம் இருக்கா இல்லையா" என்று கேட்பதும் "பதினொரு மணி உனக்குக் கஷ்டமா இருக்கா" என்று கேட்பதும் ஒன்றா? முதல் கேள்விக்கு இரவு 11 மணிக்கு என்ன பதில் வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு கால் தவறினால் அதே வாயில் அடுத்தது எப்போது என்று சொல்லிவிடுவது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள் மழைக்குருவி. "இந்த வெள்ளி முடியாது" என்பதோடு நின்றால் அது ஒரு மாதிரி ஒலிக்கும், "சனி இதே நேரம்" என்று சேர்ந்து வந்தால் வேறு மாதிரி ஒலிக்கும்.

பகலுறங்கி

நடுவில் புகுந்து கேட்கிறேன். நான் லண்டனில் நர்ஸ், அவள் சிங்கப்பூரில். எங்களுக்கு வித்தியாசம் எட்டு மணி நேரம்தான், கோடையில் ஏழு. ஆனால் எனக்கு ஷிஃப்ட் சுழன்றுகொண்டே இருக்கும், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. நிலையான நேரம் என்பதே கிடையாது. கணக்குப்பிள்ளை சொன்ன எதுவும் எனக்குப் பொருந்தவில்லை.

கணக்குப்பிள்ளை

உங்களுடையது கடினம்தான். நிலையான நேரம் முடியாது, நிலையான இடம் பிடிக்கலாம். உதாரணத்துக்கு இரவு ஷிஃப்ட் முடித்து நீங்கள் காலை 8 மணிக்கு வெளியே வந்தால் அவளுக்கு இப்போது மாலை 4, கோடையில் 3. அவள் வேலையில் இருப்பாள், ஆனால் பத்து நிமிட இடைவேளை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பகல் ஷிஃப்ட் வாரத்தில் உங்கள் மதிய உணவு 1 மணி அவளுக்கு இரவு 9, அது அருமையான நேரம். அட்டவணை கையில் வந்த அன்றே அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பி, எந்த நாளில் எது என்று அவளே குறிக்கட்டும். இரவு ஷிஃப்ட் முடிந்த முதல் நாளில் மட்டும் முக்கியமான எதையும் பேசாதீர்கள்.

பகலுறங்கி

மதியம் 1 மணி என்று சொல்கிறீர்கள், வார்டில் எங்களுக்கு எப்போது சாப்பாடு கிடைக்கும் என்று கடவுளுக்கே தெரியாது. அட்டவணைப் படம் நல்ல யோசனை, அனுப்பிப் பார்க்கிறேன். அவள் என் ஷிஃப்டைக் கேட்டுக் கேட்டே சலித்துப்போனாள், தினமும் எங்கள் முதல் கேள்வியே "இன்னிக்கு எப்போ முடியும்" என்பதுதான்.

கடல்வீட்டுக்காரி

அட்டவணையை அனுப்பிவிட்டால் அந்தக் கேள்விக்கு வேலையில்லை. அப்புறம் முதல் கேள்வியாக என்ன கேட்பாள் என்று இரண்டு பேரும் முன்னாடியே யோசித்துவிடுங்கள் தம்பி, இல்லையென்றால் "ம், நீ?" தான் வரும்.